விபத்துத் தகவல் கடிதம்: முதல் தாளிலேயே உண்மை இருக்கட்டும்

தோல், காலணித் தொழில் நடக்கும் ஊர்களில் விரல் இழந்த தொழிலாளிகள் ஒவ்வொரு சேரித் தெருவிலும் இருக்கிறார்கள். இழப்பீடு கிடைத்ததா என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "முதலாளி ஆஸ்பத்திரி செலவு பார்த்தார், கையில் கொஞ்சம் கொடுத்தார்" என்பதுதான். அந்த முதலாளியிடம் காப்பீட்டு பாலிசி இருந்ததா, விபத்தைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் போனதா, போனது என்றால் அதில் என்ன எழுதியிருந்தது என்பதெல்லாம் விரலை இழந்தவருக்கே தெரியாது. அந்த ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். விபத்து நடந்து ஓரிரு நாளில் எழுதப்படும் அந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் தொகை லட்சக்கணக்கில் கூடுகிறது அல்லது குறைகிறது.

முதலில் இந்தக் கடிதம் எங்கே தேவைப்படுகிறது என்று பார்ப்போம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலை இ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வரும். அங்கே மாதக் கூலி 21,000 ரூபாய்க்கு உட்பட்டவருக்கு விபத்து நடந்தால் அறிக்கை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போக வேண்டும். பலன்களும் அங்கிருந்தே வரும். ஆனால், பெரிய காலணி நிறுவனங்களுக்கு வெட்டுவேலையும் தையல்வேலையும் செய்துதரும் சிறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் ஆறு பேர், எட்டுப் பேர்தான் இருப்பார்கள். இவர்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. இவர்களுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு, 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலாளி மேல் சுமத்திய பொறுப்பு. அந்தப் பொறுப்பு தன் கையைக் கடிக்கக் கூடாது என்பதற்காகவே முதலாளி 'எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி' எடுக்கிறார். வேலை ஆர்டர் கொடுக்கும் பெரிய நிறுவனமோ கடன் கொடுக்கும் வங்கியோ கேட்பதற்காக எடுப்பவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பாலிசி இல்லாவிட்டாலும் முதலாளியின் பொறுப்பு அப்படியே இருக்கும். பாலிசி இருந்தால், பணம் கொடுக்கும் திறன் உள்ள இன்னொருவர் பின்னால் நிற்கிறார் என்று பொருள். அவரை வரவழைப்பதுதான் தகவல் கடிதம்.

ஒரு கணக்கு

நடப்பதை ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 35 வயதுப் பெண். காலணி மேற்பகுதிக்குத் தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷினில் வேலை. யூனிட்டில் மொத்தம் எட்டுப் பேர். வாரக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. சராசரியாக மாதம் 12,000 ரூபாய். 2024 மார்ச் மாதம் ஒரு மாலையில் மெஷினின் கை இறங்கி, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கின. மருத்துவமனையில் இரண்டு விரல்களையும் முழுவதுமாக அகற்ற வேண்டியதாயிற்று.

சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரல்களை இழந்தால் வேலைத்திறன் இழப்பு 20 சதவீதம் என்று உள்ளது. நான்காம் அட்டவணையில் 35 வயதுக்குரிய காரணி எண் 197.06. மாதக் கூலியில் 60 சதவீதத்தை இந்த எண்ணால் பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுக்க வேண்டும். 12,000இல் 60 சதவீதம் 7,200. அதை 197.06ஆல் பெருக்கினால் 14,18,832. அதில் 20 சதவீதம் 2,83,766 ரூபாய். இதுதான் அவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகை. சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவை முதலாளி தனியாகத் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கணக்கில் மூன்றே விவரங்கள்தான் இருக்கின்றன: காயம், கூலி, வயது. மூன்றும் தகவல் கடிதத்தில் எழுதப்படுபவை. மூன்றையும் தவறாக எழுதுவது எளிது. பாலிசி எடுக்கும்போது எத்தனை பேர், ஆண்டுக்கு மொத்தக் கூலி எவ்வளவு என்று முதலாளி அறிவிக்கும் தொகையை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படுகிறது. பிரீமியத்தைக் குறைக்க ஆளுக்கு மாதம் 8,000 என்று காட்டியிருப்பார். விபத்து நடந்ததும் அதே 8,000ஐத் தகவல் கடிதத்திலும் எழுதுவார். அப்படி எழுதினால் தொகை 1,89,177 ரூபாயாகச் சுருங்கும். ஒரே ஓர் எண்ணால் 94,000 ரூபாய்க்கு மேல் போகிறது. வயதைக் குத்துமதிப்பாக 40 என்று எழுதினால் காரணி எண் 184.17 ஆகி, அதனால் மட்டும் 18,000 ரூபாய்க்கு மேல் குறையும்.

காயத்தை எழுதும் விதம் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பைத் தரும். "விரல் நுனியில் காயம்" என்று எழுதிவிட்டால், எலும்பு இழப்பில்லாத நுனித் துண்டிப்பு என்று அது வாசிக்கப்படலாம். ஆள்காட்டி விரலுக்கு அது 5 சதவீதம், நடுவிரலுக்கு 4 சதவீதம். மொத்தம் 9 சதவீதம், அதாவது 1,27,694 ரூபாய். விபத்தன்று தையல் போட்டு, பத்து நாள் கழித்து அழுகி, அதன்பின் விரலை எடுப்பது சாதாரணமாக நடப்பது. ஆகவே, முதல் கடிதத்தில் "சிறு காயம்" என்ற சொல் இருக்கவே கூடாது. எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணு வரை என்று அன்று தெரிந்ததை எழுதி, "காயத்தின் முழு அளவை மருத்துவர் சான்றுக்குப் பின் தெரிவிப்போம்" என்று முடிக்க வேண்டும். விரல் எடுக்கப்பட்ட அன்றே இரண்டாவது கடிதம் போக வேண்டும்.

எப்படி நடந்தது?

படிவத்தில் "விபத்து எவ்வாறு நிகழ்ந்தது?" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு எழுதப்படும் இரண்டு வரிகளில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் சிக்குகின்றன. பெரும்பாலான கடிதங்களில் அங்கே "தொழிலாளியின் கவனக்குறைவால்" என்ற சொற்கள் இருக்கும். மேற்பார்வையாளருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரம். அதனால் அது தானாகவே வந்து விழுகிறது.

கவனக்குறைவு என்பது இழப்பீட்டை மறுக்கச் சட்டம் ஏற்கும் காரணமே அல்ல. சட்டம் மூன்று காரணங்களை மட்டுமே ஏற்கிறது. தொழிலாளி மது அல்லது போதையின் பிடியில் இருந்தது. பாதுகாப்புக்கென்று தெளிவாகக் கொடுக்கப்பட்ட உத்தரவையோ விதியையோ வேண்டுமென்றே மீறியது. பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தும் அதை வேண்டுமென்றே அகற்றியது அல்லது புறக்கணித்தது. இந்த மூன்றும்கூட மரணத்திலோ நிரந்தர முழு ஊனத்திலோ செல்லாது. களைப்பு, தூக்கக்கலக்கம், கை தவறியது ஆகியவற்றால் இழப்பீடு போகாது.

ஆனால், கிளிக்கிங் மெஷினில் மூன்றாவது காரணம் எளிதாக நுழைந்துவிடும். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் மெஷினின் கை இறங்கும்படி பல மெஷின்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. விரல் உள்ளே இருக்கும்போது மெஷின் இறங்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எண்ணிக்கைக் கணக்கில் வேலை வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டியோ கம்பியால் கட்டியோ விட்டுவிடுவார்கள். ஒரு கை தோலை நகர்த்தும், ஒரு கை அழுத்தும். விபத்துக்குப் பின் "ஒரு கையால் இயக்கினார்" என்று மட்டும் கடிதத்தில் எழுதினால், பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளியே புறக்கணித்தார் என்று காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர் குறித்துக்கொள்வார்.

உண்மை அதுவல்ல என்றால், உண்மையை எழுத வேண்டும். பொத்தான் எப்போதிலிருந்து கட்டப்பட்டிருந்தது, யார் சொல்லிக் கட்டினார்கள், மற்ற மெஷின்களும் அப்படித்தான் ஓடினவா, இரட்டைப் பொத்தானைப் பயன்படுத்த வேண்டும் என்று எழுத்தில் உத்தரவோ அறிவிப்புப் பலகையோ இருந்ததா என்பதெல்லாம் அந்த இரண்டு வரிகளுக்குள் வர வேண்டியவை. இது முதலாளிக்கு எதிரான வாக்குமூலமாகிவிடாதா என்று கேட்கலாம். இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளியின் குற்றத்தை நிறுவ வேண்டிய தேவையே இல்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் விபத்து நடந்தது என்றால் போதும். முதலாளி உண்மையை எழுதினால் பணம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வர வழி திறக்கும். பழியைத் தொழிலாளி மேல் போட்டால் அந்த வழியை அவரே அடைத்துக்கொள்கிறார்.

இதற்கும் முன்னால் எழுதப்படும் இன்னொரு தாள் இருக்கிறது. மருத்துவமனையில் காயத்தோடு போய் நிற்கும்போது மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு அது. காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே "வீட்டுல மிக்ஸியில மாட்டிக்கிச்சுன்னு சொல்லும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததே. வலியில் துடிப்பவர் அப்படியே சொல்லிவிடுவார். பின்னால் தொழிற்சாலை விபத்து என்று எத்தனை கடிதம் எழுதினாலும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்தப் பதிவேட்டு நகலைத்தான். உடன் போகும் உறவினர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எந்த மெஷினில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று மருத்துவரிடம் சொல்லி, அது பதிவேட்டில் ஏறியதா என்று கேட்டு, நகலை வாங்கி வைக்க வேண்டும்.

பெயர் இல்லாத ஆட்கள்

இந்தக் கடிதம் இந்தப் பக்கத்தின் விஷயமாவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. சிறு யூனிட்டுகளின் கூலி நோட்டில் மெஷின் ஓட்டுபவர், கணக்கர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர்கள் முழுமையாக இருக்கும். துடைப்பவர், தோல் சுமப்பவர், கழிவு அள்ளுபவர், உதவியாள் ஆகியோர் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களுக்கு "காலனி ஆட்கள் 3" என்று ஒரு வரியோ, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரோதான் இருக்கும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது. கூலி நோட்டுக்கு அந்த அறிவிப்பு இன்னும் எட்டவில்லை.

இந்தப் பெயரின்மை இழப்பீட்டில் இரண்டு விதமாக அடிக்கிறது. ஒன்று, காயம்பட்டவர் அங்கே வேலை செய்தவர்தானா என்ற கேள்வி. எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து பேருக்கு மட்டும் பாலிசி எடுத்திருந்தால், காயம்பட்டவர் அந்த ஐந்தில் ஒருவரா என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கும். அடுத்தது, அவர் செய்தது அவருடைய வேலைதானா என்ற கேள்வி. துடைக்க வந்தவரை ஆள் குறைவான நாளில் மெஷினில் நிறுத்துவார்கள். கை போனால், "அது அவர் வேலையே இல்லை, தானாகப் போய்த் தொட்டார்" என்று எழுதுவார்கள்.

சட்டம் இங்கே தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. தற்காலிக வேலையாள் என்பதால் இழப்பீடு இல்லை என்ற பழைய விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்றாலும், அந்தத் தொழிலின் வேலையைத்தான் செய்தார் என்றால் தொழிற்சாலையின் முதலாளியே இழப்பீடு தர வேண்டும். பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால், சட்டம் பிடிக்கும் இடத்திலெல்லாம் பாலிசியும் பிடித்துவிடாது. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் சேர்த்து அறிவித்துப் பிரீமியம் கட்டியிருந்தால்தான் பாலிசி அவர்களைத் தாங்கும். மருத்துவச் செலவும் அப்படித்தான். தனியாகச் சேர்த்து எடுத்திருந்தால் ஒழிய, பல பாலிசிகளில் அது வராது. பாலிசி தாங்காததை முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். தொழிலாளிக்குரிய தொகை அதனால் குறையாது.

ஆகவே, தகவல் கடிதத்தில் ஆதாரில் உள்ளபடி பெயர், கூலி நோட்டில் உள்ள பெயர் ஆகிய இரண்டும் இருக்க வேண்டும். எப்போது வேலைக்குச் சேர்ந்தார், நேரடியாகவா ஒப்பந்தக்காரர் மூலமாகவா, வழக்கமாக என்ன வேலை, விபத்தன்று என்ன வேலை, அதைச் செய்யச் சொன்னவர் யார் என்பதும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விவரத்தைப் பல படிவங்கள் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் எழுத வேண்டும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. நோட்டில் எட்டுப் பேர், உள்ளே பதினான்கு பேர் என்று ஓடும் யூனிட்டுகள் உண்டு. அங்கே காப்பீட்டு நிறுவனம், "இது இ.எஸ்.ஐ.க்குள் வர வேண்டிய இடம், எங்கள் பாலிசி பொருந்தாது" என்று மறுக்கலாம். அப்படியானால், உண்மையான ஆள் எண்ணிக்கையைச் சொல்லி இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் முறையிடுவதே வழி.

கடிதத்தின் வடிவம்

பாலிசியின் நிபந்தனை, விபத்தை "இயன்ற விரைவில்" எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே. முதலில் ஒரு பக்கக் கடிதம் போதும். அதைப் பெற்றதும் நிறுவனம் கோரிக்கை எண் கொடுத்து, விரிவான படிவத்தை அனுப்பும். நமது எடுத்துக்காட்டுக்கு அந்த ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

"பாலிசி எண், பாலிசிக் காலம், பாலிசிதாரர் பெயர், யூனிட் முகவரி மேலே உள்ளபடி. எங்கள் யூனிட்டில் 2021 ஜூன் முதல் நேரடியாக வேலை செய்யும் (ஆதாரில் உள்ள பெயர், கூலி நோட்டில் உள்ள பெயர்), பிறந்த தேதி, முகவரி, கிளிக்கிங் மெஷின் இயக்குபவர். 2024 மார்ச் 4 அன்று மாலை 4.40 மணிக்கு இரண்டாம் எண் மெஷினில் தோல் வெட்டிக்கொண்டிருந்தபோது மெஷினின் கை இறங்கி, வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடிப்பகுதி வரை நசுங்கின. மெஷினின் இரட்டைப் பொத்தான்களில் ஒன்று சில மாதங்களாகக் கட்டப்பட்ட நிலையில் இருந்தது. தொழிலாளி அதைக் கட்டவில்லை. மது, போதை ஏதும் இல்லை. அருகிலிருந்து பார்த்தவர்கள் இருவர், பெயரும் தொலைபேசி எண்ணும் கீழே. மாலை 5.15 மணிக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். விபத்துப் பதிவேட்டு எண் இது. அன்று முதல் வேலைக்கு வரவில்லை. முந்தைய 12 மாதக் கூலி மொத்தம் 1,44,000 ரூபாய். கூலி நோட்டு நகல் இணைப்பில். இவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை, யூனிட்டில் மொத்தம் எட்டுப் பேர். காயத்தின் முழு அளவை மருத்துவர் சான்றுக்குப் பின் தெரிவிப்போம்."

இந்தக் கடிதத்தில் பெரிய சொல் எதுவும் இல்லை. தொழிலாளி முதலாளிக்குக் கொடுக்கும் விபத்து அறிவிப்பைப் பற்றிச் சட்டம் சொல்வதும் அதுதான்: காயம்பட்டவரின் பெயரும் முகவரியும், விபத்து நடந்த தேதி, காயத்தின் காரணம் சாதாரண மொழியில். எழுதத் தெரிந்த எவரும் எழுதலாம்.

கடிதத்தை நிறுவனத்தின் அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும், அல்லது ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் அனுப்பிவைப்பது நல்லது. ஏஜெண்டிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மெஷினை, கட்டப்பட்ட பொத்தானோடு, விசாரணையாளர் வந்து பார்க்கும் முன்பே படம் எடுத்து வைக்க வேண்டும். மறுநாளே டேப்பைப் பிய்த்துவிடுவார்கள்.

தாமதமாகிவிட்டால் கதவு மூடிவிடுமா? இல்லை. உண்மையான கோரிக்கையைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. தாமதத்துக்கான காரணத்தைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கையில் கொடுக்கும் காசு

முதலாளி கடிதம் எழுதாமல் தவிர்ப்பதற்குக் காரணம், இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கிவிடலாம் என்ற கணக்கு. அந்தக் கணக்கு அவருக்கே பாதகமானது. பாலிசியின் வழக்கமான நிபந்தனை ஒன்று, நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் எந்தத் தொகையையும் கொடுக்கவோ வாக்களிக்கவோ பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ கூடாது என்கிறது. ரகசியமாகக் கொடுத்தால் பாலிசியை மீறியவராகிறார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் சட்டப்படி செல்லாது. இன்னும் முக்கியமாக, பெண் தொழிலாளிக்குரிய மொத்தத் தொகையை முதலாளி நேரடியாகக் கொடுக்க முடியாது. இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்கிறது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. மரணமானால் யாராக இருந்தாலும் அப்படித்தான். வீட்டில் வைத்துக் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாக ஆகாது.

தாமதத்துக்கும் விலை உண்டு. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975இலேயே சொல்லிவிட்டது. கை இழந்த ஒரு தச்சரின் வழக்கு அது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. நமது எடுத்துக்காட்டில் அது ஆண்டுக்கு 34,000 ரூபாய். நியாயமான காரணமில்லாத தாமதம் என்றால், அசலில் பாதி வரை அபராதமும் ஆணையர் விதிக்கலாம். அந்த அபராதம் முதலாளியின் தவறுக்கானது. காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காது. வட்டியையும் பல பாலிசிகள் விலக்கிவைக்கின்றன. ஒரு பக்கக் கடிதத்தை எழுதாததற்கு முதலாளி கொடுக்கும் விலை இது.

முதலாளி எழுத மறுத்தால் தொழிலாளி காத்திருக்க வேண்டாம். முதலாளிக்கு ஸ்பீடு போஸ்டில் விபத்து அறிவிப்பு அனுப்பி, அதன் நகலை நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பலாம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். அறிவிப்பே கொடுக்காவிட்டாலும், முதலாளிக்கு விபத்து வேறு வழியில் தெரிந்திருந்தால் கோரிக்கை விழுந்துவிடாது. ஆனால், விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போய்விட வேண்டும். விபத்து நடந்த பகுதியின் ஆணையரிடமோ, தான் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமோ மனு செய்யலாம். மனுவில் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும்.

இவையெல்லாம் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இந்த விஷயம் ஏழாம் அத்தியாயமாக இடம்பெற்றிருக்கிறது. காயம், கூலி, வயது மூன்றையும் வைத்துக் கணக்கிடும் முறை அதிலும் தொடர்கிறது. புதிய விபத்துகளுக்குப் பிரிவு எண்களையும் வட்டி விகிதத்தையும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கடிதத்தில் எழுத வேண்டிய விவரங்களில் மாற்றமில்லை.

நாம் கேட்பது

வேலைக்குச் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலாளிகளுக்குக் கட்டளையிட்டது. தவறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்றும் சொன்னது. எந்த ஜாப் ஒர்க் யூனிட்டில் அப்படி ஒரு தாளைக் கொடுத்தார்கள்?

மாவட்டத் தொழிலாளர் துறையிடம் மூன்று கேட்கிறோம். விபத்துத் தகவல் கடிதத்துக்குத் தமிழில் ஒரு மாதிரிப் படிவத்தை அச்சிட்டு ஒவ்வொரு யூனிட்டுக்கும் கொடுக்க வேண்டும். "வேலையைச் செய்யச் சொன்னவர் யார்" என்ற கேள்வியும் அதில் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், எத்தனை பேருக்கு எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் வாசலில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். அனுப்பிய கடிதத்தின் நகல் ஒன்று, படித்துக் காட்டி, காயம்பட்டவர் கையில் சேர வேண்டும்.

தொழிற்சங்கங்களும் நம் இயக்கங்களும் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு தெருவிலும் எழுதப் படிக்கத் தெரிந்த இருவரை இந்தக் கடிதம் எழுதப் பழக்கலாம். சனிக்கிழமை பட்டுவாடா ஆனதும் கூலியைத் தேதி போட்டு ஒரு சிறு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லலாம். கூலி நோட்டில் "காலனி ஆட்கள்" என்று எழுதப்பட்டவருக்கு, 12 மாதக் கூலிக்கு எழுத்தில் உள்ள சாட்சியம் அந்தச் சிறு நோட்டாகத்தான் இருக்கும்.